ஆஃபரை ஏற்றவர் சேரும் நாளில் வரவில்லை: கேள்வி பதில்

கோவை, சிறு மென்பொருள் நிறுவனம்: திங்கட்கிழமை சேர வேண்டியவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. எத்தனை நாள் காத்திருக்கலாம்?

மறுநாள் மாலை வரை போதும். ஒன்பதரைக்கு வர வேண்டியவர் பத்தரை வரை வரவில்லை என்றால் கூப்பிடுங்கள். எடுக்காவிட்டால் வேறு எண்ணிலிருந்து ஒருமுறை கூப்பிட்டு, வாட்ஸ்அப்பில் "நலமா, இன்று வருகிறீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். விபத்தோ வீட்டில் துக்கமோ இருக்கலாம். முதல் செய்தியிலேயே மிரட்டினால், உண்மையிலேயே சிக்கலில் இருப்பவரும் பதில் போட மாட்டார்.

மாலைக்குள் பதில் இல்லையென்றால் மெயில் அனுப்புங்கள்: "இன்று சேர வேண்டிய நீங்கள் வரவில்லை. நாளை மாலை 5 மணிக்குள் பதில் இல்லையெனில் இந்த ஆஃபர் ரத்தாகும்." கெடு முடிந்ததும், ரத்தாகிவிட்டது என்று இரண்டாவது மெயில். இந்த இரண்டாவது மெயிலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்தவருக்கு ஆஃபர் கொடுத்த பிறகு முதல் ஆள் வியாழக்கிழமை பையோடு வந்து நின்றால், ஒரே இடத்துக்கு இரண்டு பேர். ரத்து எழுத்தில் இல்லாவிட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

நேர்காணலில் இரண்டாவதாக வந்தவரைத் திங்கள் மதியமே கூப்பிட்டு, இன்னும் வேலை தேடுகிறாரா என்று விசாரியுங்கள். ஆஃபர் மட்டும் கெடு முடிந்த பிறகுதான். அவருக்கும் 90 நாள் நோட்டீஸ் என்றால், 30 நாளுக்குள் வரக்கூடிய மூன்றாவது ஆளையும் கையில் வைத்திருங்கள்.

சென்னை, சம்பளப் பிரிவு: முதல் நாள் அலைச்சலைக் குறைக்க முன்கூட்டியே பி.எஃப்., காப்பீடு எல்லாம் ஏற்றிவிடலாமா?

வேண்டாம். லேப்டாப்பைத் தயார் செய்து வையுங்கள், அதோடு நிறுத்துங்கள். வராதவரின் யு.ஏ.என்.னில் சேர்ந்த தேதி ஏறிவிட்டால் அவர் பார்க்காத வேலை அவர் கணக்கில் நிற்கும். அதைத் திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன் வேண்டும், அதற்கு உங்கள் போனையே எடுக்காத ஆளின் ஒத்துழைப்பு வேண்டும். ஆள் நேரில் வந்து கையெழுத்துப் போட்ட பிறகு ஏற்றுங்கள்.

மதுரை, தொழிற்சாலை நிர்வாகம்: கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டர் ஒப்பந்தம்தானே. ஒரு மாதச் சம்பளம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விடலாமா?

ஒப்பந்தம் என்பது சரி. ஆனால் வேலைக்கு வந்தே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. பணம் கேட்டாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி லெட்டரில் நீங்கள் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். அவர் வராததால் என்ன நஷ்டம் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். வக்கீல் செலவே அதைத் தாண்டிவிடும்.

மதுரை, மீண்டும்: 2025-ல் விஜயா வங்கி வழக்கில், வேலையை விட்டவர் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே சார்?

தீர்ப்பு உண்மை. ஆனால் அவர் வேலையில் சேர்ந்து, மூன்று வருடம் முடியும் முன் விலகியவர். பொதுத்துறை வங்கி விளம்பரம் கொடுத்து, வெளிப்படைத் தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. வாசலே மிதிக்காத ஆளுக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது.

திருப்பூர், ஏற்றுமதி நிறுவனம்: வழக்குப் போடாவிட்டாலும் பரவாயில்லை சார். வராவிட்டால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும் என்ற வரி லெட்டரில் இருந்தால் பயந்தாவது வருவார்கள்.

சிலர் வரலாம். ஆனால் பயந்து வந்தவர் அடுத்த மாதம் கிளம்பினால் உங்களுக்கு நஷ்டம் கூடத்தான் செய்யும். நல்ல ஆட்கள் அந்த வரியைப் பார்த்தே கையெழுத்துப் போடத் தயங்குவார்கள் என்பதும் என் கணிப்பு. உங்கள் அனுபவம் வேறாக இருக்கலாம்.

பெங்களூரு, ஆள்தேர்வு: வரமாட்டார் என்று முன்பே கண்டுபிடிக்க வழி உண்டா சார்?

ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலைக் கேளுங்கள். ஆஃபரை ஏற்று ஒரு வாரத்துக்குள் அது வரவில்லையென்றால், அவர் இன்னும் ராஜினாமாவே செய்யாமல் இருக்கலாம், அல்லது உங்கள் ஆஃபரைக் காட்டி அங்கேயே சம்பளம் பேசிக்கொண்டிருக்கலாம். கடைசி வேலை நாள் எது என்பதும் அதில் இருக்க வேண்டும். சேரும் தேதியை இரண்டாவது முறை தள்ளக் கேட்டால், அன்றே அடுத்த ஆளைக் கூப்பிடத் தொடங்குங்கள். நோட்டீஸ் காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எச்.ஆர். அல்ல, அவருடைய வருங்கால மேலாளர் பேச வேண்டும். வேறு ஆஃபர் வந்திருந்தால் குரலிலேயே தயக்கம் தெரியும்.

சேலம்: சேர்ந்து பத்து நாள் வேலை செய்தவர் திடீரென நின்றுவிட்டார்...

அது வேறு விஷயம். அவர் உங்கள் ஊழியர். நோட்டீஸ், விளக்கம் கேட்பது என்று முறைப்படி போக வேண்டும். தொழிலாளர் சட்ட வக்கீலைப் பாருங்கள்.

திருச்சி: நான் எச்.ஆர். இல்லை. ஆஃபரை ஏற்றுவிட்டேன், வேறு நல்லது வந்துவிட்டது. எப்படிச் சொல்வது?

இன்றே இரண்டு வரி மெயில் போடுங்கள். காரணம் விளக்க வேண்டாம்.

சென்னை: வராதவர் பெயரை எச்.ஆர். வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடலாமா?

இதே கேள்வி இன்று மூன்றாவது முறை. கூடாது. அவதூறு வழக்கு உங்கள் மேல் வரலாம். "ஆஃபரை ஏற்றார், சேரவில்லை" என்று தேதியோடு உங்கள் சொந்தப் பதிவில் குறித்துக்கொள்ளுங்கள். ரத்து மெயில் போயிற்றா என்று முதலில் பாருங்கள்.