ரிப்போர்ட்டில் நான்கு எண்கள்: எது ஸ்டேஜ், எது இல்லை?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை உட்காருகிறேன். 26 வருஷம் புற்றுநோய் வார்டில் மிஸ்ஸியாக வேலை செய்தவள் என்பதால், கையில் மடித்த ரிப்போர்ட்டோடு வருகிறவர்கள் அதிகம். இந்த முறை வந்த கேள்விகளில் ஐந்து இங்கே. சிலர் வாய்விட்டுக் கேட்டார்கள், சிலர் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவுக்கு 61 வயது. செம்பனையில் குலை வெட்டியவர். பெருங்குடலில் கட்டி இருந்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் G2, pT3 N1b M0 என்று இருக்கிறது. டாக்டர் "தஹாப் தீகா", அதாவது ஸ்டேஜ் 3 என்றார். அண்ணனோ, "2 என்று போட்டிருக்கிறதே, செகண்ட் ஸ்டேஜ்தான்" என்கிறார். அம்மா, நாலில் மூன்று என்றால் முக்கால்வாசி முடிந்தது என்று அழுகிறார். யார் சொல்வது சரி?

டாக்டர் சொன்னதுதான் சரி, மகளே. அண்ணனை ஏமாற்றியது அந்த G2. அது ஸ்டேஜ் அல்ல, கிரேட். மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது புற்று அணு எவ்வளவு உருமாறியிருக்கிறது என்பதை அது சொல்கிறது. 1 என்றால் நல்ல அணுவின் சாயல் நிறைய இருக்கும், 3 என்றால் அடையாளமே தெரியாது. அப்பாவுடையது நடுவில். கிரேட் நோயின் குணத்தைச் சொல்லும், ஸ்டேஜ் அது எதுவரை போயிருக்கிறது என்பதைச் சொல்லும்.

எதுவரை என்பதற்குத்தான் மற்ற மூன்று எழுத்துகள். 'டி' கட்டியைக் குறிக்கிறது. இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள், 3 என்றதும் பெரிய கட்டி என்று நினைத்துவிடுகிறார்கள். மார்பகத்தில் அப்படித்தான், சென்டிமீட்டர் கணக்கு. குடலில் கணக்கு ஆழம். குடல் சுவர் அடுக்கடுக்காக இருக்கும். உள்ளிருந்து கிளம்பிய கட்டி தசை அடுக்கையும் தாண்டி வெளியே உள்ள கொழுப்பைத் தொட்டுவிட்டது என்பதுதான் டி3. கட்டி சின்னதாக இருந்துகொண்டே ஆழமாக இறங்கியிருக்கலாம்.

'என்' என்பது நாம் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறி. உங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் 2/16 என்று இருப்பதைப் பார்த்தேன். வெட்டி எடுத்த குடலோடு வந்த 16 நெறிகளைச் சோதித்ததில் 2-இல் புற்று இருந்தது. 2 அல்லது 3 நெறி என்றால் என்1பி. அந்த 16 என்பதையும் கவனியுங்கள். குடல் புற்றில் குறைந்தது 12 நெறியாவது பார்த்திருக்க வேண்டும். நாலைந்தை மட்டும் பார்த்துவிட்டு "நெறியில் இல்லை" என்றால் அந்தப் பேச்சை முழுசாக நம்ப முடியாது. அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை. 'எம்' தூரத்து உறுப்புகளைப் பற்றியது. 0 என்றால் ஈரலிலோ நுரையீரலிலோ பரவியதாகத் தெரியவில்லை. முன்னால் நிற்கும் சின்ன 'பி', டியும் என்னும் ஸ்கேனை வைத்துச் சொன்னதல்ல, வெட்டி எடுத்த சதையைப் பார்த்துச் சொன்னது என்பதற்கு.

எல்லாவற்றையும் சேர்த்தால் ஸ்டேஜ் 3பி. நெறி சுத்தமாக இருந்திருந்தால் இதே டி3 கட்டி ஸ்டேஜ் 2 ஆகியிருக்கும். அந்த இரண்டு நெறிதான் வித்தியாசம். ஆக, இது முக்கால் பங்கு என்ற கணக்கே இல்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நோய் குடலை விட்டுப் பக்கத்து நெறி வரை போயிருக்கிறது, அதைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. இந்த இடத்தில் டாக்டர்களின் நோக்கம் குணமாக்குவதுதான். கண்ணுக்குத் தெரியாமல் ஓரிரு அணு தப்பியிருக்கலாம் என்பதால் கீமோ தருகிறார்கள். 3 மாதமா 6 மாதமா என்பது மருந்தையும் ஆபத்தின் அளவையும் பொறுத்தது. தையல் ஆறியதும், பொதுவாக 8 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. "முதலில் நாட்டு மருந்து பார்க்கலாம், அப்புறம் கீமோ" என்று சித்தப்பா சொன்னதாகச் சொன்னீர்களே, அந்த "அப்புறம்" இந்த 8 வாரத்தைத் தின்றுவிடும்.

குணமாக்கும் நோக்கம் என்றால் கட்டாயம் குணமாகும் என்ற உறுதி அல்ல. எதைக் குறிவைத்து அடிக்கிறார்கள் என்பது மட்டும்தான். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "ரவாத்தான் இனி உந்தோக் செம்போகான், அத்தாவ் உந்தோக் காவால் சாஜா?" குணமாக்கவா, கட்டுப்படுத்தி வைக்கவா. இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால், ஸ்டேஜ் எண்ணைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கெடுவது பாதி குறையும்.

அக்காவுக்கு 2019-இல் மார்பகப் புற்று, ஸ்டேஜ் 2. இப்போது இடுப்பு எலும்பில் வந்திருக்கிறது. ஃபைலில் இன்னமும் ஸ்டேஜ் 2 என்றுதான் இருக்கிறது. இது புதிதாக வந்த எலும்புப் புற்றா?

இல்லை. மார்பகத்து அணுதான் எலும்பில் போய்க் குடியிருக்கிறது. அதனால் மருந்தும் மார்பகப் புற்றுக்கான மருந்துதான். ஃபைலில் இருப்பது முதலில் கண்டுபிடித்த அன்றைய ஸ்டேஜ். அதைப் பிறகு திருத்த மாட்டார்கள், திரும்பி வந்து பரவியிருக்கிறது என்று சேர்த்து எழுதுவார்கள். பேச்சில் ஸ்டேஜ் 4 என்று சொல்வது வழக்கம். எலும்புக்குப் போன மார்பகப் புற்றை அடியோடு எடுப்பது நோக்கமாக இருக்காது, ஆனால் வருஷக்கணக்கில் அடக்கி வைத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். 4 என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தமும் இல்லை. நெறியிலேயே தொடங்கும் லிம்ஃபோமாவில் சில வகைகள் ஸ்டேஜ் 4-இலும் குணமாகும். குடல் புற்று ஈரலில் ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால், சிலருக்கு அதையும் வெட்டி எடுத்துக் குணமாக்கப் பார்ப்பார்கள்.

அத்தைக்கு நுரையீரல் புற்று, முதுகெலும்பிலும் இருக்கிறது. இரண்டாம் சந்திப்பிலேயே பேலியேட்டிவ் கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா? மார்ஃபின் மருந்தும் தந்தார்கள். மாமா அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டார்.

முதலில் அலமாரியைத் திறக்கச் சொல்லுங்கள் தம்பி.

பேலியேட்டிவ் என்பதை "கடைசிக் கட்டம்" என்று நம் ஊரில் மொழிபெயர்த்துவிட்டார்கள். அந்தத் தவறை நாங்களும் சேர்ந்துதான் செய்தோம், வார்டில் கடைசி வாரத்தில்தான் அந்தச் சொல்லையே எடுப்போம். அதன் சரியான பொருள் தணிப்பது. வலியை, மூச்சிரைப்பை, வாந்தியை, பயத்தைத் தணிப்பது. நோய்க்கான மருந்து ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இது இன்னொரு பக்கம் ஓடலாம். 2010-இல் அமெரிக்காவில் அத்தையைப் போல நுரையீரல் புற்று பரவிய 151 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொன்றுக்கு அதோடு தொடக்கத்திலிருந்தே தணிப்பு மருத்துவமும். இரண்டாம் பிரிவினர் மனச்சோர்வு குறைந்து நன்றாக இருந்தார்கள், சராசரியாக இரண்டரை மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தும் இருந்தார்கள். இரண்டாம் சந்திப்பிலேயே அனுப்பியது நல்ல டாக்டர் என்பதற்கு அடையாளம்.

"பேலியேட்டிவ் கீமோ" என்று தனியாக ஒன்று காதில் விழலாம். அது புற்று மருந்துதான், நோக்கம் மட்டும் வேறு: குணமாக்குவதல்ல, கட்டியைச் சுருக்கி நாளைக் கூட்டுவது, தொந்தரவைக் குறைப்பது. முதுகெலும்பு வலிக்கு ஒரே ஒரு முறை கதிர் கொடுப்பதும் உண்டு. பலன் தெரிய சில வாரம் ஆகலாம். முதல் ஓரிரு நாள் வலி கூடினாலும் கூடும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

இனி மார்ஃபின். தண்ணீர் மருந்தாக இருந்தால் பெரும்பாலும் 4 மணிக்கு ஒருமுறை தரச் சொல்லியிருப்பார்கள். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே, மணி பார்த்து. மாமா பயப்படுவது போல, புற்று வலிக்கு டாக்டர் அளந்து கொடுக்கும்போது அத்தை அடிமையாகிவிடுவது அபூர்வம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு குறையும். குறையாமல் இருப்பது மலச்சிக்கல் ஒன்றுதான், அதனால் பேதி மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். கூப்பிட்டாலும் எழுப்ப முடியாத தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, சம்பந்தமில்லாத பேச்சு: இவற்றில் ஒன்று தெரிந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கிப்போய் இப்படி ஆகும். இன்னொன்று: முதுகு வலியோடு திடீரென்று கால் மரத்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ அன்றைக்கே போக வேண்டும். நரம்புத் தண்டு நசுங்குகிறது என்று அர்த்தம்.

பேரனுக்கு 6 வயது. இரத்தப் புற்று, ஏ.எல்.எல். ஒரு மாதத்தில் "ரெமிஷன்" வந்துவிட்டது என்றார்கள். அப்புறம் ஏன் இரண்டு வருஷத்துக்கு மேல் மருந்து? பிள்ளை நன்றாக விளையாடுகிறான், நிறுத்திவிடலாமா?

நிறுத்தவே கூடாது பாட்டி. உங்களுக்கு லாலான் புல்லைத் தெரியும். மருந்தடித்த சில வாரத்தில் மேலே எல்லாம் காய்ந்து தரை சுத்தமாகத் தெரியும். ஆனால் கீழே கிழங்கு உயிரோடு கிடக்கும், அதனால்தான் மண்டோர் அடுத்த சுற்றுக்கும் ஆளை அனுப்புவார். ரெமிஷன் என்றால் நோய் அடங்கியிருக்கிறது என்று பொருள். எலும்பு மச்சையில் நூறு அணுவில் ஐந்துக்கும் குறைவாகத்தான் கெட்ட அணு தெரிகிறது, மற்ற இரத்த அணுக்கள் திரும்பி வந்துவிட்டன. கண்டுபிடித்த அன்று பிள்ளையின் உடம்பில் லட்சம் கோடி அளவுக்குக் கெட்ட அணு இருந்திருக்கும். அடங்கிவிட்டது என்று சொல்லும் நாளிலும் நூறு கோடி மிச்சம் இருக்கலாம், மைக்ராஸ்கோப்புக்கு அது தெரியாது. பத்தாயிரத்தில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்கும் தனிச் சோதனை உண்டு. அதன் முடிவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கட்ட மருந்தின் கடுமையை அதுவும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

இந்தப் பிள்ளைக்கு நோக்கம் முழுக் குணம். அதனால்தான் இத்தனை நீளம். கடைசிக் கட்டத்தில் வீட்டில் மாத்திரை தருவீர்கள்: மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரே ஒருநாள். இந்த இரண்டாவதைத் தவறிப்போய்த் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் அந்தக் கிழமையை மட்டும் சிவப்பில் வட்டம் போடுங்கள், மாத்திரை கொடுக்கிற வேலை வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். காய்ச்சல் 38-ஐத் தொட்டால் பனடோல் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

5 வருஷம் தாண்டிவிட்டால் குணமாகிவிட்டது என்று சொல்லலாமா?

குடல் புற்றில் ஏறத்தாழச் சொல்லலாம். திரும்பி வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே வந்துவிடும். ஹார்மோனோடு சம்பந்தப்பட்ட மார்பகப் புற்று அப்படி இல்லை, 10 வருஷம் கழித்தும் தலை காட்டலாம். அதனால் சிலருக்கு ஹார்மோன் மாத்திரையே 5 வருஷத்துக்கு மேல் நீளும். 5 வருஷம் முடிந்தது என்று சாமிக்குப் பொங்கல் வையுங்கள், மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.