ஆறு மாத வேலைக்கு ஆள் தேடும்போது

கேள்வி: கோவையில் ஒரு மேன்பவர் ஏஜென்சியில் ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட் மகப்பேறு விடுப்பில் போகிறார். அவர் இடத்துக்கு ஆறு மாதம் ஆள் வேண்டும். "ஆறு மாதம்னு போட்டா யாரும் பதில் போட மாட்டாங்க, நீட்டிக்க வாய்ப்பு உண்டுன்னு சேர்த்துக்கோ" என்கிறார் டீம் லீடர். வாட்ஸ்அப்பில் என்ன எழுதுவது?
– வாசகி, கோவை

பதில்: அந்த வரியைச் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சட்டம் தரும் விடுப்பு 26 வாரம். உங்கள் ஆறு மாதக் கணக்கு வந்ததே அதிலிருந்துதான். விடுப்பு முடிந்ததும் அவர் தன் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார். புது வேலைக்காக எடுக்கும் ஆள் என்றால் நீட்டிப்பு பற்றிப் பேசலாம், இங்கே அதற்கு இடமில்லை. உங்கள் பேச்சை நம்பி நிரந்தர வேலையை விட்டு வருகிறவருக்கு, கூட வேலை பார்ப்பவர்களே இரண்டாம் மாதம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மூன்றாம் மாதம் அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போவார். மிச்சம் மூன்று மாதத்துக்கு ஆள் தேடுவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்கே தெரியும்.

சம்பளத்திலும் இதே கவனம் வேண்டும். நாளுக்கு 1,400 ரூபாய் என்றால் 26 நாளுக்கு 36,400. தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டால் 30,800. "மாசம் முப்பத்தாறாயிரம்" என்று மட்டும் கேட்டு வந்தவர், குறைந்த 5,600 ரூபாயைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். நாள் கணக்கு என்பதை முதல் மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் மேடம். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்டன்ட் வேலை. டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் தெரிந்திருக்க வேண்டும். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, ஆறு மாதம் மட்டும். மகப்பேறு விடுப்பில் போகிறவரின் இடம் என்பதால் நீட்டிப்பு அநேகமாக இருக்காது. மாற்றம் இருந்தால் அக்டோபர் 31-க்குள் சொல்லிவிடுவோம். சம்பளம் நாளுக்கு ரூ.1,400; 26 நாளுக்கு ரூ.36,400, இதில் பி.எஃப். பிடித்தம் உண்டு. பண்டிகை விடுமுறைக்குச் சம்பளம் உண்டு, சொந்த லீவுக்கு இல்லை. எங்கள் ஏஜென்சி பேரோலில் மாதம் 7-ஆம் தேதி வரும். விருப்பமிருந்தால் இன்று மாலை பேசலாமா?"

பதில்கள் குறையத்தான் செய்யும். ஆனால் பதில் போடுகிறவர் ஆறு மாதம் போதும் என்று தெரிந்தே போடுகிறவர்: குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு மறுபடி வேலைக்கு வரும் பெண், சி.ஏ. தேர்வுக்கு நடுவே சம்பாதிக்க நினைக்கும் பையன். அவர்கள் நவம்பர் 30 வரை இருப்பார்கள்.

அனுப்பும் முன் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, விடுப்பில் போகிறவர் திரும்பும் தேதியையும் பண்டிகை விடுமுறைச் சம்பளத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இரண்டும்தான் பிறகு தகராறாகும்.