புள்ளி தெரிகிறதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமையல் குறிப்புகளைச் சிறு காணொளிகளாக வெளியிடுகிறேன். அவற்றின் மேல் தமிழில் எழுத, எழுத்தளவுக்கும் நிறத்துக்கும் ஏதாவது கணக்கு உண்டா? ஒரு திரைக்கு ஏழு சொற்கள் என்று எங்கோ படித்தேன், சரியா? எந்த எழுத்துரு அழகாக இருக்கும்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். புள்ளி பெரிதாக இருக்கும் எழுத்துரு எதுவானாலும் போதும்.

என் பாட்டியின் பதினாறாம் நாளுக்கு நானும் ஒரு காணொளி செய்தேன். வாழைத்தோட்டத்தில் அவர் நிற்கும் படத்தின் மேல் 'பாட்டி' என்று சிவப்பில் எழுதினேன். 1080 பிக்சல் அகலத் திரையில் எழுத்தளவு 36. கணினியில் பளிச்சென்றுதான் இருந்தது. அது குடும்பக் குழுவில் நாலு கை மாறி வந்தபோது, "யாரைடா பாடச் சொல்கிறாய்?" என்று சித்தி கேட்டார். டகரத்தின் புள்ளி கரைந்து, 'பாடடி' என்று நின்றுகொண்டிருந்தது.

எழுத்துயரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் புள்ளி. 36 பிக்சல் எழுத்தில் அது மூன்று நான்கு பிக்சல்; காணொளியைப் பாதியாகச் சுருக்கினால் இரண்டே பிக்சல். நான் தேர்ந்த நிறமும் அதைக் காப்பாற்றவில்லை. பெரும்பாலான காணொளிகள் ஒளிர்வை முழு நுணுக்கத்தோடும், நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்தோடும்தான் சேமிக்கின்றன. சிவப்பும் வாழையிலையின் அடர்பச்சையும் கண்ணுக்கு எதிரெதிர் நிறங்கள்; ஒளிர்விலோ அவற்றின் விகிதம் 1.3 அளவில்தான் நிற்கிறது. சிறிய எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது பொதுவான வலைத்தர நெறி. ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஏடு கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

கறுப்பு விளிம்பு கட்டினால் தீரும் என்று நினைக்காதீர்கள். தடித்த விளிம்பு புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைத்துவிடும். நான் எழுத்தளவை 72 ஆக்கி, வெள்ளை எழுத்தின் பின்னால் 60 விழுக்காடு அடர்த்தியில் ஒரு கறுப்புப் பட்டை வைத்தேன். பின்னணி வெள்ளை வானமாகவே இருந்தாலும் அதில் விகிதம் 5.7 வரும்.

ஏழு சொல் கணக்கை யார் சொன்னார்களோ, அவர்கள் 'படித்துக்கொண்டிருந்தபோது' என்று எழுதிப் பார்க்கவில்லை. ஒரே சொல், பதின்மூன்று எழுத்து. அதில் இரண்டு கொம்பும் காலும் கொண்டு இடத்தை அடைப்பவை. 72 அளவில், இருபுறமும் ஓரம் விட்டால், வரிக்கு ஏறத்தாழ பதினைந்து எழுத்துதான் கொள்ளும். ஆகவே சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள், இரண்டு வரியோடு நிறுத்துங்கள். 'வதக்கிக்கொள்ள வேண்டும்' என்பதற்கு 'வதக்கவும்' போதாதா என்ன?

வெளியிடும் முன் காணொளியை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, ஒளி குறைத்த கைபேசியில், கை நீட்டிப் பாருங்கள். 'உப்பு' உப்பாகவே இருக்கிறதா, 'உபபு' ஆகிவிட்டதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.