பாரம் தலைக்கு மேல் போகும்போது நாரி ஏன் வளைகிறது?

கேள்வி: டொக்டர், எனக்கு 34 வயது. வெள்ளவத்தையில் இருக்கிறேன், நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. ஜிம்மில் நின்றபடி பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கும்போது 40 கிலோவில் நாரி நன்றாக வளைகிறது, அடுத்த நாள் நாரிப்பிடிப்பு. வெறும் பாரோடு எடுத்த வீடியோவிலும் கொஞ்சம் வளைவு தெரிகிறது. பயிற்றுவிப்பாளர் "வயிற்றை இறுக்கு" என்கிறார். இறுக்கினால் நாரி வளையவில்லை, ஆனால் பார் தலைக்கு மேலே வராமல் முகத்துக்கு முன்னாலேயே நிற்கிறது. என் நாரி பலவீனமா?

பதில்: நாரி பலவீனம் என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. வயிற்றை இறுக்கியதும் பார் முன்னால் நின்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. கை முழுதாக மேலே போவதற்கு உடம்பில் எங்கோ ஓர் இடத்தில் அசைவு குறைகிறது. அந்தக் குறையை இவ்வளவு நாளும் நாரி நிரப்பிக்கொண்டிருந்தது. நாரியைப் பூட்டியதும் குறை வெளியே தெரிந்துவிட்டது.

கையைத் தலைக்கு மேல் நேராக உயர்த்துவது தோள்மூட்டு தனியாகச் செய்யும் வேலை அல்ல. பந்துக்கிண்ண மூட்டு பெரும்பங்கைத் தரும். தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் சுழன்று இன்னொரு பங்கைத் தரும். கடைசி 10 பாகை அளவு, மேல்முதுகு பின்னோக்கி நிமிர்வதால் வருகிறது. மேல்முதுகு கூனியபடியே இருந்தால் அந்த 10 பாகை போவதோடு, தோள்பட்டை எலும்பும் முன்னால் சாய்ந்து நின்று சுழற்சியை இழக்கும். இரண்டும் சேர்ந்து கை 15 பாகை குறைவாக நிற்கிறது என்று வையுங்கள். தோளிலிருந்து உள்ளங்கைக்கு ஏறக்குறைய 65 சென்ரிமீற்றர். அப்படியானால் பார் தோளுக்கு நேர் மேலே இல்லாமல் 17 சென்ரிமீற்றர் முன்னால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். 40 கிலோவை அங்கே வைத்துக்கொண்டு யாராலும் நிற்க முடியாது. பாரைத் தலைக்கு மேல் கொண்டுவர உடம்பு முழுவதும் பின்னால் சாய்கிறது.

அந்தச் சாய்வு ஏன் நாரியில் வருகிறது? மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளோடும் விலா எலும்புகள் பிணைந்திருக்கின்றன. நடுமுதுகில் எலும்புகளின் பின்முனைகள் கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடப்பதால், கொஞ்சம் பின்னால் வளைந்ததுமே அவை ஒன்றையொன்று முட்டிவிடும். நாரியின் 5 எலும்புகளுக்கு விலாவும் இல்லை, ஓட்டு அடுக்கும் இல்லை. ஆகவே முதலில் இளகிக்கொடுப்பது நாரிதான். ஒவ்வொரு தள்ளலிலும் அதன் பின்பக்கச் சிறு மூட்டுகள் பாரத்தோடு ஒன்றையொன்று நெருக்குகின்றன, முதுகுத் தசைகளும் சுருங்கியபடியே பிடித்துக்கொள்கின்றன. அடுத்த நாள் வரும் பிடிப்புக்கு இதுவே போதும். வளைவு என்பதே கேடு என்று நினைத்துவிட வேண்டாம். நாரிக்கு இயல்பான ஒரு குழிவு உண்டு, பார் மேலே போகும்போது அது சிறிது கூடினாலும் பரவாயில்லை. எல்லைவரை போய்ப் பாரத்தோடு திரும்பத் திரும்ப முட்டுவதுதான் நோவைத் தருகிறது.

இங்கே விலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பயிற்றுவிப்பாளர்களும் தடுமாறும் இடம் இது. "நெஞ்சை நிமிர்த்து" என்றால் பெரும்பாலானவர்கள் கீழ்விலாவை முன்னால் துருத்துவார்கள். பார்ப்பதற்கு மேல்முதுகு நிமிர்ந்ததுபோல இருக்கும், ஆனால் வளைந்தது நாரியும் விலாக்கூடும் சந்திக்கும் இடம். பிரித்தறிய ஒரு கையே போதும். பெருவிரலைக் கடைசி விலாவின் முன்விளிம்பிலும் சின்னவிரலை இடுப்பெலும்பின் முன்முனையிலும் வையுங்கள். மற்றக் கையை மெல்ல உயர்த்துங்கள். இரண்டு விரலுக்கும் இடைப்பட்ட தூரம் விரிந்தால் விலா துருத்துகிறது, நாரிதான் வளைகிறது. தூரம் மாறாமல் கழுத்தெலும்புக்குக் கீழுள்ள நெஞ்சின் மேற்பகுதி மட்டும் வானத்தைப் பார்க்கத் திரும்பினால், அதுதான் மேல்முதுகின் நிமிர்வு.

துருத்துவதைத் தடுக்கிறேன் என்று விலாவைப் பலமாகக் கீழே இழுத்துப் பிடிப்பதும் பிழை. வயிற்றுத் தசை முழுப்பலத்தோடு இழுத்தால் மேல்முதுகு முன்னால் கூனும், தோள்பட்டை எலும்பும் முன்னால் சாயும், கை மேலே போக வழி அடைபடும். "வயிற்றை இறுக்கு" உங்களுக்குத் தந்த பலன் இதுவே. விலா படிந்து இருக்க வேண்டும், பூட்டப்பட்டு இருக்கக் கூடாது.

வெறும் பாரிலேயே வளைவு தெரிவதால் பாரம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. எங்கே தடை என்று வீட்டுத் தரையிலேயே பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். முழங்கையை மடிக்காமல், பெருவிரல் தலைப்பக்கம் பார்க்க, இரு கைகளையும் தலைக்கு மேலாகத் தரைக்குக் கொண்டுபோங்கள். கீழ்விலா எழும்பத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி, கைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிறகு இரு முழங்கால்களையும் நெஞ்சுப் பக்கம் மடக்கி, நாரி தரையில் படிந்திருக்க, அதையே திரும்பச் செய்யுங்கள். இப்போது கை முன்னையதைவிடக் கணிசமாக உயரத்தில் நின்றுவிட்டால், தடை முதுகின் இருபக்கமும் விசிறிபோல் விரிந்த பெரிய தசையில் இருக்கிறது. ஜிம்மில் லாட்ஸ் என்பார்கள். அதன் ஒரு முனை மேற்கை எலும்பின் முன்பக்கம், மறுமுனை நாரியும் இடுப்பெலும்பும். அது குறுகியிருந்தால் கை உயரும்போது நாரியைத் தானே இழுத்து வளைக்கும்.

மேல்முதுகுக்கு வேறொரு சோதனை. சுவரிலிருந்து குதிக்கால் ஒரு பாத நீளம் தள்ளியிருக்க, பின்புறமும் மேல்முதுகும் சுவரில் படும்படி நில்லுங்கள். நாடியை மேலே தூக்காமல் பின்தலை சுவரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் மேல்முதுகு இறுகியிருக்கிறது. நாள் முழுக்கத் திரையை நோக்கிக் குனிந்திருப்பவர்களிடம் இரண்டு தடையும் சேர்ந்தே இருப்பது வழக்கம், ஆகவே கீழே சொல்வதை இரண்டுக்குமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு முன் ஆறேழு நிமிடம் ஒதுக்குங்கள். பெரிய துவாய் ஒன்றைக் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் தடிப்புக்கு இறுக்கிச் சுருட்டி, தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தில் குறுக்காக வைத்து அதன்மேல் படுங்கள். முழங்கால் மடிந்திருக்க வேண்டும், பின்புறம் தரையில் இருக்க வேண்டும், இரு கைகளாலும் தலையைத் தாங்குங்கள். வாயால் மெதுவாக மூச்சை விட்டபடி துவாயின்மேல் பின்னால் சாயுங்கள். 5 தடவை செய்தபின் துவாயை இரண்டு விரற்கிடை மேலே நகர்த்தி மீண்டும் 5. துவாய் நாரிப் பக்கம் இறங்கிவிடக் கூடாது, இறங்கினால் ஏற்கனவே இளகிய இடத்தையே மேலும் இளக்குவீர்கள். அடுத்து ஒரு பெஞ்ச்சின் முன் முழந்தாளிட்டு, முழங்கைகளைத் தோளகலத்தில் அதன்மேல் ஊன்றி, உள்ளங்கை மேல்நோக்க ஒரு தடியைப் பிடியுங்கள். பின்புறத்தைக் குதிக்கால் பக்கம் கொண்டுபோய், நெஞ்சைத் தரைப்பக்கம் இறங்கவிடுங்கள். நாரி குழியாதபடி இடுப்பைச் சற்று உள்ளே மடக்கிவையுங்கள். 5 மூச்சு, இரண்டு முறை. இழுவை அக்குளுக்குக் கீழே தெரிய வேண்டும். தோளின் முன்பக்கம் குத்தினால் முழங்கைகளை இன்னும் அகலமாக வையுங்கள்.

இனித் தூக்கும் முறை. பார் கழுத்தெலும்பருகில் இருக்கும்போதே பின்புறத் தசைகளை இறுக்குங்கள், இடுப்பு முன்னால் கவிழாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். பாதி மூச்சை வெளியே விடுங்கள், விலா தானாகப் படியும். படிந்த நிலையைக் குலைக்காமல் இடுப்பைச் சுற்றிலும், பக்கங்களுக்கும் பின்னுக்கும், மூச்சை இழுத்து நிறுத்தித் தள்ளுங்கள். நாடியை உள்ளே இழுத்தால் பார் மூக்கை ஒட்டி நேராக ஏறும். நாடியை இழுக்காதவர்கள் முகத்தைக் காப்பாற்றப் பின்னால் வளைகிறார்கள், நாரி வளைவின் முதற்பாதி அங்கேயே வந்துவிடுகிறது. பார் நெற்றியைத் தாண்டியதும் தலையையும் நெஞ்சின் மேற்பகுதியையும் பாருக்குக் கீழே முன்னால் கொண்டுவாருங்கள். உச்சியில் தோள்பட்டையைக் காதுப்பக்கம் உயரவிடுங்கள். "தோளைக் கீழே இழுத்துவை" என்று இந்த இடத்தில் யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், அது தோள்பட்டை எலும்பின் சுழற்சியைத் தடுக்கும்.

40 கிலோவில் வளைவு கூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு பின்னால் சாய்ந்தால் தள்ளல் சரிவு பெஞ்ச் பிரஸ் போல ஆகி, மேல்நெஞ்சுத் தசையும் உதவிக்கு வருகிறது. தோளுக்குப் பாரம் மிஞ்சும்போது உடம்பு தானாக இந்தக் குறுக்குவழியை எடுக்கும். ஆகவே முதல் நான்கு கிழமைக்கு 27.5 கிலோவுக்கு இறங்குங்கள், 6 தடவை வீதம் 3 சுற்று, கிழமைக்கு இரண்டு நாள். போனைப் பக்கவாட்டில் இடுப்பு உயரத்தில் வைத்து ஒவ்வொரு நாளும் கடைசிச் சுற்றைப் பதிவுசெய்யுங்கள். அதன் ஆறாவது தள்ளலில் விலாவும் இடுப்பும் முதல் தள்ளலில் இருந்தபடியே இருந்தால் மட்டும் அடுத்த தடவை பக்கத்துக்கு 1.25 கிலோ சேருங்கள். வெறும் பாரிலும் விலா எழும்பினால், நேரே மேலே தள்ளுவதைச் சில கிழமை விட்டுவிட்டு, பாரின் ஒரு முனையைச் சுவர் மூலையில் ஊன்றி மறுமுனையை ஒரு கையால் முன்னும் மேலுமாகத் தள்ளுங்கள். அதற்குக் கை முழுதாக நிமிரத் தேவையில்லை, தோளுக்கு வேலையும் கிடைக்கும். இடுப்புப் பட்டியும் சாய்மனை பெஞ்ச்சும் இந்தக் குறையைத் தீர்க்காது. முதுகு சாய்ந்திருக்கும் பெஞ்ச்சில் வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

பிடிப்பு ஓரிரு நாளில் போனால் மேலே சொன்னபடி தொடரலாம். நோவு முழங்காலுக்குக் கீழே இறங்கினால், அல்லது காலில் விறைப்போ பலக்குறைவோ இருந்தால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறினாலோ, பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றிய பகுதி மரத்தாலோ, அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காலையில் எழுந்ததும் அரை மணித்தியாலத்துக்கு மேல் முதுகு விறைத்திருந்து, நடமாட நடமாட இளகினால், அது தசை இறுக்கம் அல்லாமல் மூட்டு அழற்சியாக இருக்கலாம், வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜிம்முக்கு வரும் பாடசாலைப் பையன்களுக்கும் ஒரு செய்தி, குறிப்பாக வேகப்பந்து வீசுபவர்களுக்கு. அந்த வயதில், பின்னால் வளையும்போது நாரியின் ஒரு பக்கம் மட்டும் நொந்தால், ஐந்தாவது நாரி எலும்பின் பின்வளைவில் அழுத்த முறிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாரம் தூக்க வேண்டும். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்றேயில் அது தெரியாமல் போகலாம். எக்ஸ்றே சரியாக இருந்தும் நோவு தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.