ஷிஃப்ட் தொடங்கும் முன் சூப்பர்வைசர் சொல்லும் வணக்கம்

கேள்வி: குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரியில் புதிதாக சூப்பர்வைசர் ஆகியிருக்கிறேன். ஆட்கள் பெரும்பாலும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். காலை மீட்டிங்கில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன், ஆனாலும் யாரும் காது கொடுப்பதில்லை. ஏன்?

பதில்: எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டுச் சொல்லும் வணக்கம், வேலை சொல்லப்போகிறார் என்பதற்கான மணி போலத்தான் கேட்கும். வணக்கத்தை மீட்டிங்கிலிருந்து பிரித்துவிடுங்கள்.

ஆறு மணி ஷிஃப்ட் என்றால் ஐந்தே முக்காலுக்கே ஆட்கள் உள்ளே வரும் வாசலில் நில்லுங்கள். இலையை நசுக்கும் ரோலர் பக்கம் வேண்டாம், அந்தச் சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரியும். ஒவ்வொருவரையும் பெயரோடு அண்ணா, அக்கா சேர்த்து, "வாங்க செல்வியக்கா, பஸ் நேரத்துக்கு வந்துச்சா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்த பையன்களை 'ஹிந்திக்காரன்' என்று கூப்பிடும் பழக்கம் உங்கள் ஃபேக்டரியில் இருந்தால், அதை முதலில் நிறுத்தவேண்டியவர் நீங்கள்தான். அவர்கள் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி, அதே மாதிரி சொல்லிப் பழகுங்கள்.

வாசலில் நிற்பதன் பெரிய பயன், ஆளைப் பார்க்க முடிவது. மார்கழிக் குளிரில் மப்ளரும் சால்வையும் தொங்கவிட்டபடி வருவார்கள். சி.டி.சி. ரோலர் அந்த நுனியைப் பிடித்தால் கையும் சேர்ந்து போகும். அதை மீட்டிங்கில் பெயர் சொல்லி அதட்டினால், ஐம்பது வயதுக்காரர் தலை குனிந்து நிற்பார், அன்று முழுக்க உங்களிடம் பேசமாட்டார். வாசலிலேயே தாழ்ந்த குரலில், "அண்ணே, மப்ளரை ரூம்ல வச்சிட்டு ஸ்வெட்டரோட வாங்க, ரோலர்கிட்ட நிக்கணும்ல" என்றால் போதும். கழற்றிவிட்டு வருவார். அவர் மானமும் போகாது. பிறகு மீட்டிங்கில் பொதுவாக மப்ளர் பற்றி நீங்கள் பேசும்போது, அவரே பக்கத்து ஆளுக்கு எடுத்துச் சொல்வார்.

வெளியேறும் இரவு ஷிஃப்ட் ஆட்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இலை வாட்டும் ட்ரஃப்பில் இரவு நின்றவரிடம் முதலில் வணக்கமும், "சாப்டீங்களா?" என்ற கேள்வியும் போகட்டும். எடுத்தவுடன் "இலை ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டால், "தெரியல சார்" என்று முடித்துக்கொள்வார். மரியாதையாகக் கேட்டால், மூன்றாம் ட்ரஃப்பில் ஃபேன் ஒரு மணி நேரம் நின்றதை அவரே சொல்வார். அது தெரியாமல் வாடாத இலையை ரோலரில் விட்டால் பிசுபிசுவென்று கட்டிகட்டியாக வந்து அடைக்கும், டிரையரிலும் சரியாகக் காயாது. மீட்டிங்கில், "ராஜண்ணன் சொன்னாரு, மூணாம் ட்ரஃப் இலைக்கு இன்னும் வாட்டம் வேணும், கடைசியா எடுங்க" என்று அவர் பெயரோடு சொல்லுங்கள். மறுநாள் நீங்கள் கேட்கும் முன்பே தகவல் வரும்.

இரண்டு தவறுகள் இதைக் கெடுக்கும்: ஃபோனைப் பார்த்தபடி வணக்கம் சொல்வது, ஃபிட்டருக்கும் டிரையர்காரருக்கும் மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டுகிற அக்காவைத் தாண்டிப் போவது. இரண்டாவதை எல்லாரும் கவனிப்பார்கள்.

தாமதமாக வந்தவருக்கும் அதே வணக்கம்தான். காரணத்தை மீட்டிங் முடிந்தபின் தனியாகக் கேளுங்கள்.