கோடிட்ட இடத்தில் ‘செட்’ ஏன் தவறாகிறது?

“பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ‘தி போட்மேன் ____ அஸ் தட் தி ஸீ வாஸ் ரஃப்’ என்ற ஆங்கில வாக்கியத்தில் ‘செட்’ என்று நிரப்பினேன், தவறு, ‘டோல்ட்’தான் விடை என்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே?”

பொருள் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், விடையைத் தீர்மானிப்பது கோட்டை ஒட்டி அடுத்து நிற்கும் சொல்லே. இங்கே ‘அஸ்’ என்று கேட்பவரைக் குறிக்கும் சொல் ‘டு’ இல்லாமல் வருவதால், விடை ‘டோல்ட்’. அதே வாக்கியத்தில் ‘டு அஸ்’ என்றோ, ஆளே இல்லாமல் நேராக ‘தட்’ என்றோ இருந்திருந்தால் உங்கள் ‘செட்’ சரியாகியிருக்கும். தமிழில் ‘எங்களிடம் சொன்னார்’ என்று உருபு சேர்த்தே சொல்லிப் பழகியதால், நம்மில் பலர் ‘டோல்ட் டு அஸ் தட்’ என்றும் எழுதிவிடுகிறார்கள், அதுவும் பிழையே.

ஆள் இல்லாமலும் ‘டெல்’ வரும் இடங்கள் சில உண்டு: கதை, பொய், உண்மை, மணி ஆகியவை அதன் நேரடிச் செயப்படுபொருள்களாக நிற்கும். ‘ஷி டோல்ட் எ லை’ என்பதில் ‘செட்’ பொருந்தாது.

‘ஸ்பீக்’ மொழியின் பெயரை நேரடியாக ஏற்கும். ‘தே ____ டமில் இன் மண்டபம்’ என்றால் ‘ஸ்பீக்’ என்று எழுதுங்கள். ‘ஸ்பீக் தி ட்ரூத்’ என்பதும் சரியான வழக்கே என்பதால், உண்மையைப் பற்றிய கேள்வியில் ‘டெல்’, ‘ஸ்பீக்’ இரண்டையும் விருப்பங்களாகத் தருவது, என் பார்வையில், கேள்வி எழுதியவரின் கவனக்குறைவு. ‘டாக்’ பொதுவாக ‘டு’ அல்லது ‘அபௌட்’ இல்லாமல் ஆளையோ பொருளையோ ஏற்காது.