சூதுபவள மணி: துளை சொல்வதும் கோடு சொல்வதும்

கேள்வி: சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் வெள்ளைக் கோடு போட்ட மணி ஒன்றைப் பழசு என்று விற்கிறார்கள். துளையைப் பார்த்தே பழசா புதுசா என்று கண்டுபிடிக்க முடியுமா?

துளை பாதிதான் சொல்லும். அது எப்படிப் போட்டார்கள் என்பதைக் காட்டும், எப்போது என்பதை அல்ல. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் முனையில் இரண்டு வைரப் பொடிக்கற்கள் பதித்த துரப்பணத்தை வில்லால் சுழற்றி, ஒரு பக்கம் பாதி, திருப்பி மறுபக்கம் பாதி என்று துளையிடுகிறார்கள். வைரத் துரப்பணம் சங்க காலத்து மணிக்காரர்களிடமும் இருந்தது. அதனால் உள்ளே சீரான வளையக் கீறல்களும் நடுவில் இரண்டு துளைகள் சந்திக்கும் சின்னப் படியும் இருந்தால், அது கைவேலை என்பதற்கு மேல் எதுவும் நிச்சயமில்லை. ஆனால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவில் நேராக, உள்சுவர் முழுக்க உறைபனி படிந்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தால், மீயொலி இயந்திரத்தில் போட்டது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து துளையின் வாய். மணி மாலையில் தொங்கும்போது நூல் ஒரு பக்கமாகவே இழுபடும், அதனால் விளிம்பு அந்தப் பக்கம் அதிகமாகத் தேய்ந்து, வழவழப்பு மெதுவாகத் துளைக்குள்ளும் இறங்கும். பீப்பாயில் உருட்டிப் பழசாக்கினால் வெளியே எல்லா இடமும் ஒரே மாதிரி மழுங்கும், சின்னத் துளைக்குள் சற்றுத் தள்ளிப் பார்த்தால் துரப்பணக் கீறல் கூர்மை குறையாமல் நிற்கும்.

இதையெல்லாம் பார்த்தும் நான் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். நண்பர் கொண்டுவந்த ஒரு மணி, சுமார் 14 மில்லிமீட்டர் நீளம். துளை இரு பக்கமும் போட்டது, வாய் ஒரு பக்கம் நன்றாகத் தேய்ந்தது, எல்லாம் பழசுக்கே உரியது. பத்து மடங்கு லென்ஸை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் கோட்டைப் பின்தொடர்ந்தேன். துளை விளிம்பில் எப்போதோ பெயர்ந்து, பெயர்ந்த ஓரமும் மழுங்கிப்போன ஒரு குழி இருந்தது. வெள்ளைக் கோடு அந்தக் குழிக்குள்ளும் இறங்கி ஓடியது. கோடு முதலில் வந்திருந்தால், கல் பெயர்ந்த இடத்தில் அது அறுந்து சிவப்புதானே தெரிய வேண்டும்?

ஆக மணி பழசு, கோடு புதுசு. இது நிறையவே நடக்கிறது, ஏனென்றால் வெறும் சூதுபவளத்தைவிடக் கோடு போட்டதன் விலை எங்கேயோ நிற்கிறது. காரக் கரைசலில் கோடு வரைந்து சூடேற்றும் முறை இன்றும் செய்யக்கூடியதுதான். வண்ணம் பூசியதாக இருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சிலேயே வந்துவிடும், சுட்டது வராது. பழைய கோட்டில் வெள்ளை அங்கங்கே உதிர்ந்து ஊசிமுனைப் பள்ளங்கள் இருக்கும், அதிகம் உரசும் நடுப்பகுதியில் கோடே மங்கியிருக்கும். நண்பரின் மணியில் நடுவிலும் ஓரத்திலும் ஒரே வெள்ளை.

ஒன்று மட்டும் கவனம். தேய்மானமே இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டாதீர்கள். கொடுமணல் மாதிரி மணி செய்த ஊர்களில் ஒருவரும் அணியாமலேயே மண்ணுக்குள் போன மணிகள் உண்டு. அப்படிப்பட்டதை எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்ற பதிவு இல்லாமல் லென்ஸை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்ல நான் துணியமாட்டேன்.